எல்பிஎஸ் கொடுத்த முதல் நாளே எக்ஸ்பிபி1 வெட்டுப்படுகிறது, ஐஜிஎம் இன்னும் வரவில்லை. சுமையே இல்லாமல் இ.ஆர். எதற்கு விரிகிறது?

தேன்மொழி | பதிவு 1

வணக்கம். பி செல் பிளாஸ்மா செல்லாக மாறும்போது எது முந்துகிறது, இ.ஆர். விரிவா, எதிர்ப்பொருள் சுமையா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. சுண்டெலி மண்ணீரலிலிருந்து சிடி43 இல்லாத பி செல்களைப் பிரித்து, மில்லிலிட்டருக்கு 5 லட்சம் செல் வீதம், எல்பிஎஸ் 10 மைக்ரோகிராம் போட்டு வளர்ப்பு. 1 முதல் 4 வரை ஒவ்வொரு நாளும் ஆர்என்ஏ எடுத்து, எக்ஸ்பிபி1-இன் 26 நியூக்ளியோடைடு துண்டு வெட்டுப்படும் இடத்தை உள்ளடக்கி பிசிஆர் செய்து, 3 சதவீத அகரோஸில் ஓட்டினேன். வெட்டுப்படாததற்கு 171, வெட்டுப்பட்டதற்கு 145 வர வேண்டும்.

ஜெல்லில் பார்த்தது இது. 1ஆம் நாள்: ஒரே பட்டை. 2ஆம் நாள்: மூன்று பட்டைகள், நாள் 1-இன் பட்டைக்கு நேராக ஒன்று, அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. 4ஆம் நாள்: கீழ்ப் பட்டைதான் அழுத்தம், மற்றவை மங்கல். மேலே இருப்பது வெட்டுப்படாதது, நடுவில் இருப்பது வெட்டுப்பட்டது, கீழே இருப்பது ப்ரைமர் டைமர் என்று எடுத்துக்கொண்டேன். அப்படியென்றால் முதல் நாளே முழுக்க வெட்டுப்பட்டுவிட்டது. எலைசாவில் ஐஜிஎம் 3ஆம் நாளில்தான் ஏறத் தொடங்குகிறது. டியூனிகாமைசின் கன்ட்ரோல் (2 மைக்ரோகிராம், 4 மணி நேரம்) வேலை செய்யவில்லை, அதில் கீழ்ப் பட்டை மட்டும்தான் வந்தது.

சுமை வந்த பிறகுதானே இ.ஆர். அலாரம் அடிக்க வேண்டும்? இங்கே ஏன் முன்னாடியே?

வெண்பனி | பதிவு 2

பி செல்லின் மேல்பரப்பிலேயே ஐஜிஎம் இருக்கிறதே, அது சுமை இல்லையா? எலைசா சவ்வில் ஒட்டியிருப்பதைக் காட்டாது. ஃப்ளோவில் ஐஜிஎம் பாருங்கள், முதல் நாளே இருக்கும்.

தேன்மொழி | பதிவு 3

இருக்கிறது வெண்பனி. அது நாள் 0-விலும் இருக்கிறதே. என் கேள்வி சுரக்கப்படும் ஐஜிஎம் பற்றி. சவ்வு வகையும் சுரக்கும் வகையும் ஒரே ஜீன்தான், எம்ஆர்என்ஏ-வின் வால் எங்கே வெட்டப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். ஓய்வில் இருக்கும் பி செல்லுக்கு மேல்பரப்பு ஐஜிஎம் தயாரிக்க இவ்வளவு பெரிய இ.ஆர். தேவைப்படுவதே இல்லை.

கதிரவன் | பதிவு 4

இதில் குழப்பமே இல்லைங்க. கனச் சங்கிலி இ.ஆர்-க்குள்ள குவியுது. பிப் எல்லாம் அதுங்க மேல போய் உட்காருது. ஐஆர்இ1, பெர்க், ஏடிஎஃப்6 மூணும் பிப்பை இழந்து விழிச்சுக்குது. ஐஆர்இ1 எக்ஸ்பிபி1-ஐ வெட்டும், பெர்க் மொழிபெயர்ப்பைக் குறைக்கும், ஏடிஎஃப்6 சாப்பரோன்களைக் கூட்டும். மூணும் சேர்ந்து இ.ஆர்-ஐ விரிக்கும். உங்க எலைசாவுக்கு உணர்திறன் போதலை, அதான் முதல் நாள்ல ஐஜிஎம் தெரியலை. வேற ஒண்ணுமில்லை.

முதுநாரை | பதிவு 5

தேன்மொழி, விவாதத்துக்கு முன்னால் ஜெல்லைச் சரிபார்த்துவிடலாம். உங்கள் டியூனிகாமைசின் கன்ட்ரோல் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. பட்டைகளுக்குப் பெயர் வைத்ததில்தான் தவறு.

டியூனிகாமைசின் 4 மணி நேரம் கொடுத்த செல்லில் எக்ஸ்பிபி1 ஏறக்குறைய முழுவதும் வெட்டுப்பட்டிருக்கும். ஆகவே அந்த லேனில் தனியாக நிற்கும் கீழ்ப் பட்டைதான் 145. நடுப் பட்டை 171, அதாவது வெட்டுப்படாதது. முதல் நாளில் நீங்கள் பார்த்தது அதுதான், அன்று வெட்டே நடக்கவில்லை. 100 பேஸ்பேர் ஏணி போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் 100-க்கும் 200-க்கும் நடுவே கோடு கிடையாது, அதனால் மூன்று பட்டையும் ஒரே இடைவெளியில் விழுந்து ஏமாற்றும்.

மேலே இருக்கும் மூன்றாவது பட்டை கலப்பு இரட்டை. பிசிஆரின் கடைசிச் சுற்றுகளில் ப்ரைமர் தீர்ந்துபோகும்போது, வெட்டுப்படாத ஓர் இழையும் வெட்டுப்பட்ட ஓர் இழையும் ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்துவிடுகின்றன. 26 எழுத்து அதிகமுள்ள இழை அந்த இடத்தில் வளையமாகப் புடைத்து நிற்கும். புடைப்பு இருப்பதால் ஜெல்லில் மெதுவாக நகரும், தன் நீளத்துக்குரிய இடத்தை விட மேலே தெரியும். இரண்டு வகையும் கலந்திருக்கும் மாதிரியில் மட்டுமே இது வரும். உங்கள் 2ஆம் நாள் லேனில் வந்ததும் முதல் நாளில் வராததும் அதனால்தான்.

உறுதிசெய்ய இரண்டு வழி. முதலாவது, பிஎஸ்டி-1 நொதி. அதன் வெட்டுமிடம் அந்த 26 எழுத்துத் துண்டுக்குள்ளேயே இருக்கிறது, எனவே 171 இரண்டாக உடையும், 145 அப்படியே நிற்கும். கலப்பு இரட்டையில் அந்த இடம் ஒற்றை இழை வளையமாக இருப்பதால் நொதியால் அதைத் தொட முடியாது, அதுவும் உடையாமல் நிற்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டாவது, பிசிஆர் விளைவைப் பத்து மடங்கு நீர்த்து, புதிய ப்ரைமர் போட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டுங்கள். கலப்பு கரைந்துவிடும். ஓய்வு செல், அதாவது நாள் 0, ஒரு லேனில் கட்டாயம் போடுங்கள். அது இருந்திருந்தால் இந்தக் குழப்பம் வந்தே இருக்காது.

தேன்மொழி | பதிவு 6

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. நாள் 0 சேர்த்து மறுபடி ஓட்டினேன். நாள் 0-வும் நாள் 1-உம் ஒரே உயரத்தில் ஒற்றைப் பட்டை, பிஎஸ்டி-1 போட்டதும் காணாமல் போகிறது. 2ஆம் நாளில் நீர்த்து ஓட்டியதும் மேல் பட்டை போய், 171-உம் 145-உம் ஏறக்குறைய சம அழுத்தத்தில் நிற்கின்றன. 4ஆம் நாளில் பெரும்பாலும் 145.

தலைப்பில் நான் போட்ட "முதல் நாளே" தவறு. ஆனால் 2ஆம் நாள் உண்மைதான். அன்றைக்கு ஊடகத்தில் ஐஜிஎம் மிகக் குறைவு, சிடி138 செல்கள் 4 சதவீதம்தான். கேள்வி ஒரு நாள் தள்ளிப்போயிருக்கிறது, ஆனால் அப்படியே இருக்கிறது.

கதிரவன் | பதிவு 7

அப்போ நான் சொன்னதுதானே? 2ஆம் நாள் செல்லுக்குள்ள ஐஜிஎம் குவிய ஆரம்பிச்சிருக்கும், வெளியே வர இன்னும் நேரம் இருக்கும்.

முதுநாரை | பதிவு 8

கதிரவன் சொல்வதில் பாதி சரி. ஐஆர்இ1 பற்றியது பொருந்தும். பெர்க் பற்றியது இந்தச் செல்லுக்குப் பொருந்தாது. மூன்று கிளையும் சேர்ந்து எழுவது டியூனிகாமைசின் போன்ற நஞ்சில். பிளாஸ்மா செல்லாக மாறும் பி செல்லில் பெர்க் கிளை அடக்கி வைக்கப்படுகிறது. பெர்க் இல்லாத சுண்டெலியின் பி செல்கள் வழக்கம்போலச் சுரக்கின்றன, ஏடிஎஃப்6 இல்லாதவையும் அப்படியே. காரணம் யோசித்தால் புரியும்: மொழிபெயர்ப்பை நிறுத்துவதுதான் பெர்க்கின் வேலை. தன் முழுச் சக்தியையும் மொழிபெயர்ப்பில் போட வேண்டிய செல்லுக்கு அது நேர் எதிரி.

தேன்மொழி இதைத் தன் மாதிரிகளிலேயே பார்க்கலாம். டியூனிகாமைசின் லேனில் சாப் புரதம் பளிச்சென்று வரும். 3ஆம், 4ஆம் நாள் எல்பிஎஸ் லேனில் எக்ஸ்பிபி1 நன்றாக வெட்டுப்பட்டிருந்தும் சாப் அந்த அளவுக்கு ஏறாது. எல்பிஎஸ் லேனிலும் சாப் அதே அளவு ஏறியிருந்தால் செல்கள் நெருக்கடியில் இருக்கின்றன என்று அர்த்தம். பெரும்பாலும் குளுக்கோஸ் தீர்ந்திருக்கும், அல்லது செல்கள் நெரிசலாகியிருக்கும். அந்த வளர்ப்பின் எண்களை இந்தக் கேள்விக்குப் பயன்படுத்தக் கூடாது.

இப்போது "முன்னாடியே" என்ற கேள்வி. 2003-இல் வான் ஆன்கன் குழு எல்பிஎஸ் கொடுத்த பி லிம்போமா செல்களில் நாள்வாரியாகப் புரதங்களை அளந்தது. இ.ஆர். சாப்பரோன்களும் வளர்சிதை மாற்ற நொதிகளும் முதலில் ஏறின, ஐஜிஎம் வெள்ளம் அதற்குப் பிறகுதான் வந்தது. பின்னர், சுரக்கும் வகை மியூ சங்கிலியைத் தயாரிக்கவே முடியாத சுண்டெலிகளின் பி செல்களுக்கு எல்பிஎஸ் கொடுத்துப் பார்த்தபோதும் எக்ஸ்பிபி1 வெட்டுப்பட்டது. சுமை வரவே முடியாத செல்லிலும் வெட்டு நடந்தது. நான் இதை "எதிர்பார்த்துக் கட்டுதல்" என்றே படிக்கிறேன்.

யாழினி | பதிவு 9

ஐயா, ஒரு மறுப்பு. அந்த செல்களிலும் சவ்வு வகை மியூ இருக்கிறது, இலகுச் சங்கிலி இருக்கிறது, எல்பிஎஸ் கொடுத்ததும் எல்லாப் புரதத் தயாரிப்பும் கூடுகிறது. எனவே "சுரக்கும் மியூ இல்லை" என்பது "இ.ஆர்-இல் சுமை இல்லை" ஆகிவிடாது. அதே 2003-இல் இவகோஷி குழு, எக்ஸ்பிபி1 எம்ஆர்என்ஏ தயாராவதற்கு ஒரு சமிக்ஞை, அது வெட்டுப்படுவதற்கு இம்யூனோகுளோபுலின் தயாரிப்பு என்று இரண்டையும் பிரித்துக் காட்டியது. எனக்கு அந்தப் பிரிப்புதான் சரியாகப் படுகிறது.

பிரித்துப் பார்த்தால் இப்படி வரும். பாக்ஸ்5 இருக்கும் வரை எக்ஸ்பிபி1-உம் ஜே சங்கிலியும் அடக்கப்பட்டிருக்கும். பிளிம்ப்-1 ஏறி பாக்ஸ்5-ஐ அணைத்ததும் எக்ஸ்பிபி1 எம்ஆர்என்ஏ குவியும். வெட்டுவதற்கான பொருள் தயார். கத்தரி எப்போது விழும் என்பது வேறு கேள்வி.

தேன்மொழியின் 2ஆம் நாள் மாதிரியில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அது கலவை மாதிரி. சிடி138 செல்கள் 4 சதவீதம்தான், ஆனால் அந்த 4 சதவீதச் செல்களில் எக்ஸ்பிபி1 எம்ஆர்என்ஏ மற்றவற்றைவிடப் பல மடங்கு இருக்கும். ஜெல்லில் வரும் 145 பட்டை பெரும்பாலும் அவற்றிலிருந்தே வந்திருக்கலாம். அவற்றுக்குள் ஏற்கனவே ஐஜிஎம் நிரம்பியிருந்தால், "சுமைக்கு முன் வெட்டு" என்ற முடிவே கலைந்துவிடும். எலைசாவோ முழுக் குழியின் ஊடகத்தைக் காட்டுகிறது. இரண்டையும் ஒப்பிடுவது தப்பு.

தேன்மொழி | பதிவு 10

இது நான் யோசிக்காதது. 4 சதவீதச் செல்கள் பாதிப் பட்டையைத் தர முடியுமா?

யாழினி | பதிவு 11

கணக்குப் போடுங்கள். 100 செல்லில் 96 செல்லுக்கு எக்ஸ்பிபி1 எம்ஆர்என்ஏ தலா 1 பங்கு, எல்லாம் வெட்டுப்படாதது என்று வைப்போம். மீதி 4 செல்லுக்குத் தலா 24 பங்கு, எல்லாம் வெட்டுப்பட்டது. மொத்தம் 96-க்கு 96. ஜெல்லில் சரிபாதி. 24 மடங்கு என்பது நான் கணக்குக்காக எடுத்த எண், ஆனால் இந்த வகை ஏற்றத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிகிறது. 4 சதவீதம் முழுப் பாதியையும் தராமல் போகலாம், கணிசமான பங்கைத் தரும். பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

சிறுதுளி | பதிவு 12

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சிஎச்ஓ செல்லில் ஒரு ஐஜிஜி தயாரிக்கும் வரிசை எங்களிடம் இருக்கிறது. வெட்டுப்பட்ட எக்ஸ்பிபி1-ஐ மிகையாகப் போட்டோம். இ.ஆர். சாப்பரோன்கள் ஏறின, எதிர்ப்பொருள் அளவு மட்டும் அசையவில்லை. எக்ஸ்பிபி1 சுரப்பைக் கூட்டும் என்றால் இது ஏன்?

முதுநாரை | பதிவு 13

உங்கள் வரிசையில் தடை இ.ஆர்-இல் இல்லை என்று அர்த்தம். எக்ஸ்பிபி1 இ.ஆர். என்ற கூடத்தைப் பெரிதாக்கும், சரக்கு அனுப்பாது. கனச் சங்கிலி, இலகுச் சங்கிலியின் எம்ஆர்என்ஏ அளவே தடையாக இருக்கும் வரிசையில் கூடம் பெரிதானாலும் வெளியே வருவது அப்படியே இருக்கும். வெளியிடப்பட்ட சிஎச்ஓ முடிவுகளும் இரண்டு பக்கமும் இருப்பதற்குக் காரணம் இதுதான். பார்ப்பது எளிது. செல்லுக்குள் தேங்கியிருக்கும் கனச் சங்கிலியை வெளியே போனதோடு ஒப்பிடுங்கள். உள்ளே தேக்கம் இல்லையென்றால் எக்ஸ்பிபி1 உங்களுக்கு உதவாது. தேக்கம் இருந்து, இலகுச் சங்கிலி குறைவாக இருந்தால் அப்போதும் உதவாது. கனச் சங்கிலியின் முதல் நிலைப் பகுதியான சிஎச்1, இலகுச் சங்கிலி வந்து சேரும் வரை மடங்கவே மடங்காது, பிப் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் இலகுச் சங்கிலியைக் கூட்டுவதுதான் வழி.

பிளாஸ்மா செல்லின் சுமை எவ்வளவு என்று ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பார்த்தால், அது ஏன் கூடத்தை முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கிறது என்பது தெரியும். நொடிக்கு 2,000 ஐஜிஜி என்று எடுத்துக்கொள்வோம், நன்றாகச் சுரக்கும் செல்லுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. ஒவ்வொன்றிலும் கனச் சங்கிலி 2, இலகுச் சங்கிலி 2. ரைபோசோம் நொடிக்கு 5 அமினோ அமிலம் கோக்கிறது என்றால், 450 அமினோ அமிலமுள்ள கனச் சங்கிலிக்கு 90 நொடி, 214 உள்ள இலகுச் சங்கிலிக்கு 43 நொடி. நொடிக்கு 4,000 கனச் சங்கிலி முடிய வேண்டும், ஆகவே எந்த நேரத்திலும் 3,60,000 ரைபோசோம் கனச் சங்கிலியில் மட்டும் உட்கார்ந்திருக்கும். இலகுச் சங்கிலிக்கு இன்னொரு 1,72,000. மொத்தம் ஐந்து லட்சத்துக்கு மேல், அத்தனையும் இ.ஆர். சவ்வில், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு செக்61 வாயில். அத்தனை வாயில்களை ஒட்டவைக்கச் சவ்வுப் பரப்பு வேண்டும். இரண்டாம் பாதிக் கணக்கும் உண்டு: ஐஜிஜி1 ஒன்றுக்கு டைசல்பைடு பிணைப்பு 16, நொடிக்கு 32,000. ஈஆர்ஓ1 வழியாக ஒரு பிணைப்புக்கு ஒரு ஹைட்ரஜன் பெராக்சைடு மூலக்கூறு உருவாகும், அதைத் தணிக்கும் நொதிகளும் கூடவே ஏற வேண்டும்.

எடையில் பார்த்தால் நாளொன்றுக்குச் செல்லுக்கு சுமார் 43 பிகோகிராம். சிறுதுளி, உங்கள் தொழிலில் செல் ஒன்றுக்கு நாளொன்றுக்கு இத்தனை பிகோகிராம் என்று பேசும் அதே அலகு.

சிறுதுளி | பதிவு 14

எங்கள் நல்ல வரிசைகளும் அந்த வரம்பில்தான் இருக்கின்றன. இலகுச் சங்கிலி எம்ஆர்என்ஏ-வை அளக்கவே இல்லை, அதைப் பார்க்கிறேன். நன்றி.

கதிரவன் | பதிவு 15

பெர்க் விஷயம் ஒத்துக்கிறேன், தெரியாம போச்சு. ஆனா ஒண்ணு கேக்கணும். எக்ஸ்பிபி1-ஐயே எடுத்துட்டா செல் சுரக்கிறதில்லைன்னு 2001லயே காட்டியாச்சே, ரெய்மோல்ட் குழு. அப்போ கூடம் இல்லாததாலதான் சுரக்கலைன்னு நேரடியா நிரூபணம் ஆயிடுச்சே?

யாழினி | பதிவு 16

அதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது கதிரவன். எக்ஸ்பிபி1 இல்லாத செல்லில் ஐஆர்இ1 சும்மா இருப்பதில்லை. தன் வழக்கமான இலக்கு இல்லாத நிலையில் அதன் அளவும் செயல்பாடும் மிகையாகி, வேறு எம்ஆர்என்ஏக்களைக் கத்தரிக்கத் தொடங்குகிறது. அதில் சுரக்கும் வகை மியூ எம்ஆர்என்ஏவும் ஒன்று. ஆகவே அந்தச் செல்லில் சுரப்பு குறைந்ததற்கு இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது: கூடம் சிறிது, சரக்கின் வரைபடமும் கிழிக்கப்படுகிறது. இரண்டையும் எடுத்த செல்லில், அதாவது எக்ஸ்பிபி1-ஓடு ஐஆர்இ1-இன் செயலையும் நீக்கியதில், மியூ எம்ஆர்என்ஏ மீளுகிறது.

தேன்மொழி 4மியூ8சி போட நினைத்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஐஆர்இ1-இன் ஆர்என்ஏ வெட்டும் செயலை முழுவதுமாகத் தடுக்கிறது, எக்ஸ்பிபி1 வெட்டு, மற்ற எம்ஆர்என்ஏ வெட்டு இரண்டையும். எக்ஸ்பிபி1 நீக்கிய எலியும் 4மியூ8சி போட்ட செல்லும் ஒரே சோதனை அல்ல. கூடவே, அது கூமரின் வகைச் சேர்மம், ஊதாக் கதிரால் தூண்டும் நீலச் சேனலில் ஒளிரும். அந்தச் சேனலில் உயிருள்ள-செத்த செல் சாயம் வைத்திருந்தால் செல்லெல்லாம் செத்துவிட்டதுபோலத் தெரியும்.

வெண்பனி | பதிவு 17

நான் முதலில் கேள்வியைத் தப்பாகப் படித்துவிட்டேன். இப்போது வேறொன்று. தேன்மொழி செல்லுக்குள் இருக்கும் ஐஜிஎம்மையும் வெளியே வந்ததையும் எண்டோ எச் போட்டுப் பிரிக்கலாமே? இ.ஆர்-இல் இருப்பது வெட்டுப்படும், கோல்கி தாண்டியது வெட்டுப்படாது. வெளியே இருப்பதில் வெட்டுப்பட்டால் அது செத்த செல்லிலிருந்து கசிந்தது.

முதுநாரை | பதிவு 18

ஐஜிஜி என்றால் ஒப்புக்கொள்வேன். ஐஜிஎம்மில் இந்த விதி அப்படியே செல்லாது, இது பலரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோயிருக்கிறது. மனித மியூ சங்கிலி ஒன்றில் சர்க்கரை ஏறும் இடங்கள் 5. அவற்றில் 402, 563 ஆகிய அஸ்பராஜின்களில் உள்ள சர்க்கரைகள் ஐஜிஎம் முழுதாக வெளியே வந்த பிறகும் மேனோஸ் மிகுந்த நிலையிலேயே இருக்கின்றன. கட்டமைப்பு மடிப்புக்குள் அவை மறைந்திருப்பதால் கோல்கி நொதிகள் அவற்றைச் செதுக்க முடிவதில்லை. எனவே நியாயமாகச் சுரக்கப்பட்ட ஐஜிஎம்மும் எண்டோ எச்சில் ஓரளவு இறங்கும். சுண்டெலி மியூவிலும் இதே நடத்தையை எதிர்பார்த்துப் படிக்க வேண்டும். பார்க்க வேண்டியது இறங்கியதா என்பதை அல்ல, எவ்வளவு இறங்கியது என்பதை. உள்ளே இருப்பது முழுவதும் இறங்கும், வெளியே வந்தது பாதியில் நிற்கும். கசிவைச் சந்தேகித்தால் ஊடகத்தில் பிப் இருக்கிறதா என்று பாருங்கள். அது செல்லுக்குள்ளேயே இருக்க வேண்டிய புரதம், வெளியே தெரிந்தால் செல் உடைந்திருக்கிறது.

ஐஜிஎம்மில் இன்னொரு தாமதமும் உண்டு, தேன்மொழியின் கேள்வியோடு நேராகத் தொடர்புடையது. சுரக்கும் மியூவின் வாலில் 575ஆம் இடத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. ஐந்து அலகுகளும் ஜே சங்கிலியும் சேரும் வரை அது திறந்தே கிடக்கும். அப்படித் திறந்த சிஸ்டீனோடு கோல்கி வரை போய்விட்ட அலகை ஈஆர்பி44 பிடித்து இ.ஆர்-க்குத் திருப்பி இழுத்து வருகிறது. முழு ஐந்தலகு உருவாக 10 கனச் சங்கிலி, 10 இலகுச் சங்கிலி, 1 ஜே, ஆக 21 சங்கிலி வேண்டும். இந்தச் சோதனைச் சாவடி இருப்பதால் ஐஜிஎம் உள்ளே தயாராவதற்கும் வெளியே எலைசாவில் தெரிவதற்கும் இடையே இயல்பாகவே இடைவெளி இருக்கும். எலைசாவை வைத்துச் "சுமை இன்னும் வரவில்லை" என்று சொல்லக் கூடாது. யாழினியின் எதிர்ப்பு இந்த இடத்தில் இன்னும் வலுவாகிறது, நான் அதை ஏற்கிறேன்.

தேன்மொழி | பதிவு 19

அப்படியானால் சுமையைச் செல்லுக்குள்ளேயே அளக்க வேண்டும். இப்படிச் செய்யலாமா: 36, 48, 60 மணி நேரத்தில் எடுத்து, சிஎஃப்எஸ்இ சாயத்தால் எத்தனை முறை பிரிந்த செல் என்று பிரித்து, சிடி138 உள்ளது, இல்லாதது எனத் தனித்தனியாகச் சார்ட் செய்கிறேன். ஒவ்வொரு பங்கிலும் பாதியை நிலைப்படுத்தி, துளையிட்டு, உள்ளே மியூ சாயம், பாதியை ஆர்என்ஏ. வெட்டு அளவுக்கு ஜெல் வேண்டாம், வெட்டுப்பட்ட இணைப்பின் மேல் அமரும் ப்ரைமரோடு கியூபிசிஆர்.

யாழினி | பதிவு 20

திட்டம் நல்லது. மூன்று இடத்தில் வழுக்கும். ஒன்று, உள்ளே மியூ சாயம் போடும்முன் மேல்பரப்பு ஐஜிஎம்மைச் சாயமில்லாத எதிர்ப்பொருளால் முழுவதும் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் சவ்வு ஐஜிஎம்தான் பளிச்சிடும். இரண்டு, சார்ட் செய்யும் இரண்டு மணி நேரத்தில் செல் குளிரிலும் நெரிசலிலும் இருக்கும், வெட்டு நிலை மாறக்கூடும். சார்ட்டர் குழாயிலேயே ஆர்என்ஏ கரைப்பான் வைத்து நேராக அதில் விழச் செய்யுங்கள். சார்ட் செய்யாமல் குழியிலிருந்து நேராகக் கரைத்த மாதிரி ஒன்றையும் பக்கத்தில் வைத்தால், சார்ட்டிங் எவ்வளவு மாற்றுகிறது என்பது தெரியும். மூன்று, வெட்டுப்பட்டதை மொத்த எக்ஸ்பிபி1-ஆல் வகுத்தும் சொல்லுங்கள், வகுக்காமலும் சொல்லுங்கள். விகிதம் ஐஆர்இ1-இன் வேலையைச் சொல்லும், மொத்தம் பாக்ஸ்5 இறங்கியதைச் சொல்லும்.

சிடி138 இல்லாத, மூன்று நான்கு முறை பிரிந்த, உள்ளே மியூ இன்னும் ஏறாத செல்லில் விகிதம் கூடியிருந்தால் நான் என் பக்கத்தை விட்டுக்கொடுக்கிறேன்.

முதுநாரை | பதிவு 21

அப்படிக் கூடியிருந்தாலும் எது தூண்டியது என்பது திறந்தேதான் இருக்கும். மேக்ரோஃபேஜில் எல்பிஎஸ் கேட்கும் டிஎல்ஆர் சமிக்ஞையே இ.ஆர். நெருக்கடி இல்லாமல் ஐஆர்இ1-ஐ எழுப்புகிறது. பி செல்லிலும் அதே எல்பிஎஸ்தான் போடுகிறீர்கள். எம்டார் பாதை முந்தியே எழுந்து இ.ஆர். ஜீன்களின் ஒரு பகுதியைத் தூக்கிவிடுகிறது என்பதும் காட்டப்பட்டிருக்கிறது. அதனால் இணையாக ஒரு குழி வையுங்கள்: எல்பிஎஸ்-க்குப் பதில் சிடி40 தூண்டலும் ஐஎல்-4-உம் ஐஎல்-5-உம். அங்கே டிஎல்ஆர் இல்லை. அங்கும் அதே நேரத்தில் வெட்டு வந்தால் டிஎல்ஆரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். வராவிட்டால் நம் இருவர் வாதமும் எல்பிஎஸ் வளர்ப்புக்கு மட்டும் உரியது.

கதிரவன் | பதிவு 22

ஐஎல்-4 எக்ஸ்பிபி1 எம்ஆர்என்ஏவையே தனியா ஏத்திடும்னு இவகோஷி வேலையில இருக்கே. அப்போ மொத்த அளவு முன்னாடியே ஏறியிருக்கும், விகிதத்தை மட்டும்தான் ஒப்பிட முடியும்.

யாழினி | பதிவு 23

சரியான குறிப்பு கதிரவன். அதனால்தான் இரண்டையும் சொல்லச் சொன்னேன்.

தேன்மொழி | பதிவு 24

சேர்த்துக்கொள்கிறேன். ஐஎல்-5 மட்டும், ஐஎல்-4 இல்லாமல் ஒரு குழியும் வைக்கிறேன். 60 மணி நேர மாதிரி வந்ததும் ஜெல் படமும் கியூபிசிஆர் எண்ணும் இங்கேயே போடுகிறேன். நாள் 0 லேன் இருக்கும்.